டி.பி. மாத்திரை நின்ற பிறகு வரும் ரத்தக்கசிவு

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி வரும். "சார், ரெண்டு வருஷமா அதே மாத்திரைதான், அதே அளவுதான், ஒரு வேளைகூட விடல. அப்புறம் எப்படி ரத்தம் இவ்வளவு கெட்டியாச்சு?" விசாரித்துப் பார்த்தால், மூன்று வாரங்களுக்கு முன் காசநோய்க்கு மருந்து தொடங்கியிருப்பார்கள். அதை யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சளிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எந்த மனிதருக்குத்தான் தோன்றும்?

இதே கேள்வி ஆறு மாதம் கழித்துத் தலைகீழாகவும் வரும். "டி.பி. குணமாயிடுச்சு, மாத்திரையெல்லாம் முடிஞ்சுது. இப்போ பல் தேய்ச்சாலே ரத்தம் வருது." இந்த இரண்டாவது கேள்விதான் அதிக ஆபத்தானது. மருந்து ஒன்றைத் தொடங்கும்போது எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். நிறுத்தும்போது யாரும் பயப்படுவதில்லை.

இரண்டுக்கும் காரணம் கல்லீரலில் இருக்கிறது.

நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை எண்ணெயில் கரையும் தன்மை உள்ளவை. அப்படி இருந்தால்தான் குடல் சுவரைத் தாண்டி, செல்களின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியும். ஆனால் அதே தன்மையால் அவை சிறுநீரில் எளிதில் வெளியேறாது. கல்லீரல் அவற்றைச் சிறிது சிறிதாக உருமாற்றி, நீரில் கரையும் பொருளாக்கி அனுப்புகிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கு சைட்டோகுரோம் பி-450 என்று பெயர். ஒவ்வொன்றின் நடுவிலும், நம் ரத்தச் சிவப்பணுவில் இருப்பதுபோலவே, ஓர் இரும்பணு உட்கார்ந்திருக்கிறது. குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. மருத்துவர்கள் அவர்களைச் சுருக்கி 'சிப்' என்று அழைத்து ஓர் எண்ணையும் எழுத்தையும் சேர்ப்பார்கள். நம் கதைக்கு வேண்டியது சிப் 2சி9 என்ற ஒன்று மட்டும்தான்.

வார்ஃபரின் என்ற மருந்தின் விதி அந்த ஒரு நொதியின் கையில் இருக்கிறது. ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இது. 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. நம் ஊரில் இதன் நெருங்கிய உறவான அசினோகூமரால் என்ற மாத்திரையும் பரவலாகத் தரப்படுகிறது; அதையும் முக்கியமாக இதே நொதிதான் கழிக்கிறது. கல்லீரல் ரத்தம் உறைவதற்கான புரதங்கள் சிலவற்றை வைட்டமின் கே-யின் உதவியோடு தயாரிக்கிறது. அந்த உதவியை வார்ஃபரின் தடுக்கிறது. வார்ஃபரின் மாத்திரையில் கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கும். அவற்றில் வீரியம் பல மடங்கு கூடியது எஸ் வடிவம். அந்த எஸ் வடிவத்தை உடைப்பதுதான் சிப் 2சி9.

மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மருந்து எதுவும் எடுக்காதவருக்கு அது ஏறக்குறைய 1 இருக்கும். இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தவருக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உலோகத்தின்மேல் ரத்தம் கட்டும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மேலே போனால், குறிப்பாக 5-ஐத் தாண்டி ஏற ஏற, எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். குறுகலான வரப்புதான் இது. அதனால்தான் மற்ற மருந்துகளில் கவனிக்கப்படாமல் போகும் ஒரு மாற்றம் வார்ஃபரினில் பெரிய செய்தியாகிவிடுகிறது.

இப்போது ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் சீராகத் தண்ணீர் விடுகிறது, அடியில் ஒரு துளை வழியே தண்ணீர் போகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடத்தில் நீர்மட்டம் நிற்கும். தினமும் ஐந்து மில்லிகிராம் வார்ஃபரின் என்பது மேல்குழாய், சிப் 2சி9 அடித்துளை, ஐ.என்.ஆர். நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல். துளை இரண்டு மடங்கு பெரிதானால், மேல்குழாயைத் தொடாமலே மட்டம் பாதியாகும். துளை பாதி அடைந்தால் மட்டம் இரண்டு மடங்காகும். இரண்டாவது மருந்து முதல் மருந்தை வந்து அடித்து வீழ்த்துவதில்லை. பெரும்பாலும் அதைச் சந்திப்பதுகூட இல்லை. அது துளையோடு மட்டும்தான் விளையாடுகிறது. துளையைப் பெரிதாக்கும் மருந்தைத் தூண்டி என்கிறோம், அடைக்கும் மருந்தைத் தடுப்பி என்கிறோம்.

தூண்டிகளில் மிகவும் பலமானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், எந்த மருந்தியல் ஆசிரியரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் ரிஃபாம்பிசின். காசநோய் மருந்துகளின் முதுகெலும்பு அதுதான். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மாத்திரை என்றால் எடுத்தவர்களுக்கு உடனே தெரியும். 1960-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ரிஃபாம்பிசின் சேர்ந்ததும் மாதவிலக்கு தாறுமாறாவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். சிலர் கருவுற்றார்கள். கருத்தடை மாத்திரையில் இருந்த ஹார்மோனை உடல் வேகவேகமாகக் கழித்துவிட்டது.

அது எப்படி நடக்கிறது என்பது 1990-களின் கடைசியில்தான் தெளிவானது. கல்லீரல் செல்லுக்குள் பி.எக்ஸ்.ஆர். என்ற ஒரு காவல்புரதம் இருக்கிறது. ஏதோ அந்நியப் பொருள் நிறைய வருகிறது என்பதை உணரும் வேலை அதற்கு. ரிஃபாம்பிசின் போய் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அந்தப் புரதம் மரபணு இழையில் உரிய இடத்தில் போய் உட்கார்ந்து, "இன்னும் நொதி தயாரியுங்கள்" என்று உத்தரவு போடுகிறது. செல் புதிது புதிதாக நொதிகளை உற்பத்தி செய்கிறது. சிப் 2சி9 கூடுகிறது. அதைவிட அதிகமாக, ஏராளமான மருந்துகளைக் கழிக்கும் சிப் 3ஏ4 கூடுகிறது. ரிஃபாம்பிசினைக் கழிப்பதற்காகச் செல் செய்யும் ஏற்பாட்டில், வழியோடு போன வார்ஃபரினும் மாட்டிக்கொள்கிறது.

இதில் மனத்தில் பதிய வேண்டியது காலம். உத்தரவு போட்டவுடன் நொதி முளைத்துவிடாது. புரதத்தைக் கட்ட வேண்டும், அது சேர வேண்டும். முழுப் பலம் வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகிறது. நிறுத்தும்போதும் அப்படித்தான். ரிஃபாம்பிசின் ரத்தத்திலிருந்து ஒரே நாளில் போய்விடும். ஆனால் அது கட்டிவைத்துவிட்டுப் போன நொதிகள் அங்கேயே இருக்கும்; அவை இயல்பாகச் சிதைந்து பழைய அளவுக்கு வர இன்னும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

ஒருவரை வைத்து இதைப் பார்க்கலாம். இவர் கற்பனை நோயாளி. எண்கள் மட்டும் நடப்பில் மருத்துவர்கள் பார்க்கும் வரம்புக்குள் இருப்பவை. செல்வி, வயது 38, எடை 45 கிலோ. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டு, உலோக வால்வு வைத்து நான்கு வருடம். தினம் இரவு வார்ஃபரின் ஐந்து மில்லிகிராம், ஐ.என்.ஆர். 2.9-இல் நிலையாக நிற்கிறது. இப்போது சளியில் காசநோய்க் கிருமி தெரிந்துவிட்டது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். இவர் எடைக்குத் தினம் மூன்று மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் மொத்தம் 450 மில்லிகிராம்.

ஐந்தாம் நாள் ரத்தம் பார்த்தால் ஐ.என்.ஆர். 2.7. பெரிய மாற்றமில்லை. தவறு நடக்கும் இடம் இதுதான். "பரவாயில்லம்மா, ஒண்ணும் ஆகல, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லிவிட்டால், தூண்டலின் முழு வேகமும் அந்த இடைவெளியில் வந்து முடிந்துவிடும். ஐந்தாம் நாள் எண் நல்லதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். நொதி இன்னும் கட்டி முடியவில்லை என்பது ஒன்று. மற்றொன்று, உறைவுப் புரதங்களின் ஆயுள். அவற்றில் ஏழாம் காரணி சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். இரண்டாம் காரணி என்ற புரோத்ராம்பினோ இரண்டரை நாளில்தான் பாதியாகும். அதனால் வார்ஃபரினின் அளவு இன்று மாறினால், ஐ.என்.ஆர். அதை முழுதாகச் சொல்ல நாலைந்து நாள் எடுத்துக்கொள்கிறது. அளவுகோலே தாமதமாகப் பேசும் அளவுகோல்.

பத்தாம் நாள் 2.1. மருத்துவர் வார்ஃபரினை ஏழு மில்லிகிராமாக உயர்த்துகிறார். பதினைந்தாம் நாள், ஏற்றிய பிறகும், 1.6. துளை இன்னும் பெரிதாகிக்கொண்டே இருப்பதுதான் காரணம். மாத்திரை ஒன்பது மில்லிகிராம் ஆகிறது. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க, எண் ஏறும்வரை தொப்புளைச் சுற்றிப் போடும் ஹெபாரின் வகை ஊசியும் சேர்கிறது. நான்காம் வாரம் 1.9, மாத்திரை பதினொன்று. ஆறாம் வாரம், பன்னிரண்டு மில்லிகிராமில், 2.7. அங்கே நின்றுவிட்டது. பழைய அளவைப் போல இரண்டரை மடங்கு. இது அதிகமல்ல, ரிஃபாம்பிசினோடு வார்ஃபரின் இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்குவரை தேவைப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். எத்தனை பெரிய அளவு கொடுத்தும் எண்ணைச் சரியாக எட்ட முடியாமல் போனவர்களும் உண்டு.

இந்த வாரங்களில் செல்வி வீட்டில் என்ன கவனிப்பது? உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. அமைதியான இரவில் கடிகாரம்போல் 'டிக்' சத்தம் தங்களுக்கே கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்பது உண்டு. அந்தச் சத்தம் மங்கினாலோ, கேட்காமலே போனாலோ, வால்வின்மேல் ரத்தம் கட்டியிருக்கலாம். கூடவே திடீர் மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. அடுத்த வார ஐ.என்.ஆர். தேதிக்குக் காத்திருக்கக்கூடாது.

ஆறு மாதம் முடிகிறது. சளி சுத்தம். கடைசி மாத்திரையைப் போட்டுவிட்டார், எல்லோருக்கும் சந்தோஷம். வார்ஃபரின் மட்டும் பன்னிரண்டு மில்லிகிராமில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்காம் நாள் 2.9. ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது. ஒன்பதாம் நாள் 3.7, மாத்திரை பத்தாகக் குறைகிறது. இரண்டு வாரம் முடிவில் 4.3, எட்டாகிறது. பிறகு ஆறு. ஏழாவது வாரத்தில் பழைய ஐந்து மில்லிகிராமில் 2.9. வாரம் ஒரு முறையாவது ரத்தம் பார்த்ததால் இது இவ்வளவு எளிதாக முடிந்தது. பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது சாதாரணக் கணக்கு. துளை பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது, குழாய் மட்டும் இரண்டரை மடங்கு வேகத்தில் திறந்திருக்கிறது. ஐ.என்.ஆர். எட்டு, பத்து என்று போய்விடும். கருப்பாக, தார் போல மலம் போவது, காரணமில்லாமல் உடம்பில் நீலத் தழும்பு, ஈறில் நிற்காத ரத்தம், சிறுநீர் சிவப்பது ஆகியவை அடையாளங்கள். இங்கே ஒரு சிக்கல்: ரிஃபாம்பிசின் எடுத்த மாதங்களில் சிறுநீர் ஆரஞ்சாகவே இருந்ததால், நிறம் மாறுவதைச் சட்டை செய்யாத பழக்கம் வந்திருக்கும். மாத்திரை நின்ற ஓரிரு நாளில் அந்த ஆரஞ்சு போய்விட வேண்டும். அதற்குப் பிறகும் சிவந்தால் அது மருந்தின் நிறம் அல்ல. தாங்க முடியாத தலைவலி வந்தால், அது மண்டைக்குள் கசிவாக இருக்கலாம்.

திட்டமிட்டு நிறுத்துவது நல்ல வகை. நடுவில் திடீரென்று நிறுத்துவதுதான் மோசம். மூன்றாம் மாதத்தில் குமட்டல் தாங்காமல் நோயாளியே காசநோய் மருந்தை விட்டுவிடுகிறார்; காசநோய்ப் பிரிவுக்கு அது தெரியும், வார்ஃபரின் எழுதித் தரும் இதய மருத்துவருக்குத் தெரியாது. அல்லது காசநோய் மருந்தால் கல்லீரலில் அழற்சி வந்து, கண் மஞ்சளாகி, மருத்துவரே எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்துகிறார். இது மிகச் சரியான முடிவு. ஆனால் வார்ஃபரினைப் பொறுத்தவரை இரட்டை அடி. தூண்டல் இறங்கப் போகிறது. அதே நேரம் அடிபட்ட கல்லீரல் உறைவுப் புரதங்களையே சரியாகத் தயாரிப்பதில்லை. ஐ.என்.ஆர். இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு ஏறுகிறது. அந்தச் சூழ்நிலையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை பார்த்தால்கூட அதிகமல்ல.

இந்தப் பாடம் ரிஃபாம்பிசினோடு புதிதாக வந்ததல்ல. ஃபினோபார்பிட்டால் என்ற பழைய மருந்து, ரத்த உறைவைத் தடுக்கும் டைகூமரால் என்ற மருந்தின் அளவை ரத்தத்தில் குறைப்பதை 1965-லேயே மனிதர்களில் அளந்து காட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து மருத்துவமனைகளில் தூக்கத்துக்கு இந்த வகை மாத்திரை தாராளமாகக் கிடைக்கும். உள்நோயாளியாக இருக்கும்போது தூக்க மாத்திரையோடு சேர்த்து உறைவுத் தடுப்பு மருந்தின் அளவைச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் நிம்மதியாகத் தூக்கம் வரும், தூக்க மாத்திரையை விட்டுவிடுவார். சில வாரத்தில் ரத்தக்கசிவு. மருந்தின் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

தடுப்பிகளின் கதை வேறு, வேகமானது. பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த மருந்தின் மூலக்கூறில் உள்ள ஒரு நைட்ரஜன் அணு நேராகப் போய் நொதியின் நடுவில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. இரும்பைப் பிடித்தபின் நொதியால் வேலை செய்ய முடியாது. புதிய புரதம் எதையும் கட்ட வேண்டியதில்லை. ஆகவே காத்திருப்பும் இல்லை. முதல் மாத்திரை ரத்தத்தில் ஏறியதுமே துளை அடைபடத் தொடங்குகிறது. ஐ.என்.ஆர். மூன்று நான்கு நாளில் ஏறுவது தெரிகிறது. அந்தச் சிறு தாமதம் தடுப்பியினுடையது அல்ல. வார்ஃபரின் சேர்வதற்கும் பழைய உறைவுப் புரதங்கள் தீர்வதற்கும் ஆகும் நேரம். மருந்தை நிறுத்தினால், ஃப்ளூகோனசோல் உடலைவிட்டுப் போக ஆகும் சில நாட்களில் நொதி பழையபடி இயங்கும்.

இதில்தான் மருந்துக்கடை மேசை வருகிறது. தூண்டிகளைப் பெரும்பாலும் மருத்துவர் எழுதித் தருகிறார். மாதக்கணக்கில் எடுப்பவை அவை. தடுப்பிகளோ ஒரு வாரத்துக்கு என்று கையோடு வாங்கி வருபவை. படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல், வயிற்றுப்போக்குக்கும் பல் வீக்கத்துக்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்க் கடுப்புக்கு கோ-டிரைமாக்சசோல். இந்த மூன்றுமே வார்ஃபரினின் விளைவைக் கணிசமாக உயர்த்துபவை. மெட்ரோனிடசோல் குறிப்பாக வீரியமான எஸ் வடிவத்தைத் தேர்ந்து பாதிப்பது 1976-லேயே காட்டப்பட்டது. "அண்ணே, வயித்தால போகுது, ஏதாவது குடுங்க" என்று கேட்கும்போது, "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்ற ஒரு கேள்வியைக் கடைக்காரர் கேட்டால் போதும். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கூட்ட நேரத்தில் எத்தனை பேர் கேட்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

'தடுப்பி என்றால் வேகம்' என்பதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதற்குத் தரும் அமியோடரோன். அதுவும் சிப் 2சி9-ஐத் தடுப்பதுதான். ஆனால் அது கொழுப்புத் திசுக்களில் போய்த் தங்கி, உடலை விட்டு வெளியேற வாரங்கள், மாதங்கள்கூட எடுக்கும். அதனால் அதன் தடுப்பு மெதுவாக வளர்ந்து, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும். நொதி எந்த வேகத்தில் மாறும் என்பதைத் தடுப்பியின் ஆயுள் முடிவு செய்கிறது. தூண்டலிலோ நொதியின் ஆயுள் முடிவு செய்கிறது.

தடுப்பி சேர்ந்தால் முதல் மருந்து எப்போதும் மிகையாகத்தான் வேலை செய்யுமா என்றால், இல்லை. சில மருந்துகள் மாத்திரையில் உறங்கும் வடிவத்தில் இருக்கும். கல்லீரல் நொதி தொட்ட பிறகுதான் விழித்து வேலை செய்யும். மாரடைப்புக்குப் பின் தரும் குளோபிடோகிரெல் அப்படிப்பட்டது. அதை விழிக்க வைக்கும் வேலையில் சிப் 2சி19 என்ற நொதிக்கு முக்கியப் பங்கு. நெஞ்செரிச்சலுக்கு வீடுதோறும் இருக்கும் ஒமிப்ரசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆகவே இங்கே நொதி தடைபட்டால் மருந்தின் பலன் கூடாது, குறையும். இந்த ஜோடியைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது. நெஞ்செரிச்சல் மாத்திரை தேவைப்பட்டால் அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத பான்டபிரசோல் தருவது வழக்கம். ஒரு ஜோடியைப் பார்த்து 'கூடுமா, குறையுமா' என்று கேட்கும் முன், 'நொதி இந்த மருந்தைக் கழிக்கிறதா, விழிக்க வைக்கிறதா' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தடுப்பை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிடோனாவிர் என்ற மருந்தைச் சிறிய அளவில் சேர்ப்பதன் நோக்கமே, சிப் 3ஏ4-ஐ அடைத்து, கூட வரும் மருந்து உடலில் நீடிக்கச் செய்வதுதான். கோவிட் சிகிச்சையில் நிர்மாட்ரெல்விரோடு அதைச் சேர்த்துப் பொட்டலமிட்டதும் அதற்குத்தான். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் சைக்ளோஸ்போரினின் விலை தாங்க முடியாத காலத்தில், கீட்டோகோனசோலைச் சேர்த்து அதன் அளவைக் குறைத்துக் கொடுத்த மருத்துவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். பாதுகாப்பான வித்தை என்று சொல்ல மாட்டேன். ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி அளந்து பார்க்க முடிந்த இடத்தில்தான் அது நடந்தது. வீட்டில் யாரும் முயல வேண்டியதல்ல.

திரும்பச் செல்வியிடம் வருவோம். ரிஃபாம்பிசின் இல்லாமல் காசநோயைக் குணப்படுத்தக்கூடாதா, அல்லது வார்ஃபரினுக்குப் பதில் ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகளைத் தரக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். முதல் கேள்விக்குப் பதில் எளிது. ரிஃபாம்பிசின் இல்லாவிட்டால் ஆறு மாதச் சிகிச்சை இன்னும் பல மாதங்கள் நீளும், மீண்டும் வரும் வாய்ப்பும் கூடும். காசநோயை அரைகுறையாக விடுவதைவிட, வாரம் ஒரு முறை விரலைக் குத்திக்கொள்வது மேல். அதே குடும்பத்து ரிஃபாபுடின் நொதியைக் குறைவாகவே தூண்டும். சில நோயாளிகளுக்கு அதைத் தருகிறார்கள், எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் சோகமானது. புதிய மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்த ஆய்வு, வார்ஃபரின் எடுத்தவர்களைவிட ரத்தக் கட்டும் கசிவும் கூடியதால் 2012-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்த வகை மாத்திரைகளையும் ரிஃபாம்பிசின் விட்டுவைப்பதில்லை. அவற்றின் அளவையும் குறைக்கும். வார்ஃபரினிலாவது ஐ.என்.ஆர். என்ற அளவுகோல் இருக்கிறது. அவற்றில் வழக்கமான அளவுகோல்கூட இல்லாததால், குறைந்தது தெரியாமலே போகும்.

ஆகவே இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். சமாளிப்பு என்பது பெரும்பாலும் காகித வேலை. வால்வு நோயாளியின் கையில் ஐ.என்.ஆர். குறிப்பேடு இருக்கும், காசநோய் நோயாளியின் கையில் சிகிச்சை அட்டை இருக்கும். ஒன்று இதயப் பிரிவில் திறக்கப்படுகிறது, மற்றது காசநோய்ப் பிரிவில். செல்வியைப் போன்றவர் செய்ய வேண்டியது, ஐ.என்.ஆர். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் காசநோய் மருந்து தொடங்கிய தேதியையும், முடியப்போகும் தேதியையும் பெரிதாக எழுதிவைப்பது. தொடங்கியபின் முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது, முடிந்தால் இரு முறை ரத்தம் பார்ப்பது. எண் நிலைத்தபின் இடைவெளி விடலாம். முடிந்த தேதியிலிருந்து மறுபடியும் வாரம் ஒரு முறை, பழைய அளவுக்குத் திரும்பி எண் அடுத்தடுத்து நிலையாக நிற்கும்வரை. அது ஆறு வாரமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். நடுவில் மாத்திரை நின்றால், எந்தக் காரணத்துக்காக நின்றாலும், அந்த நாளே முடிவுத் தேதியாகிறது. மாத்திரை அளவைத் தானாக ஏற்றவோ இறக்கவோ கூடாது. அளவுகோல் தாமதமாகப் பேசுவதால், இன்று எண்ணைப் பார்த்துப் பயந்து நாளையே மாற்றுகிறவர், அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் போய் விழுவார்.

இந்தக் கவனம் இப்போது நோயில்லாதவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், உடன் வாழ்பவர்களுக்கு நோய் வராமலிருக்கத் தடுப்பு மருந்து தரும் திட்டம் இந்தியாவில் நடக்கிறது. அதில் ஒரு முறை, ஐசோனியசிடையும் ரிஃபாபென்டினையும் சேர்த்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம் தருவது. ரிஃபாபென்டின், ரிஃபாம்பிசினின் தம்பி, அதுவும் தூண்டிதான். வாரத்துக்கு ஒரு வேளைதானே என்று நினைத்து, அதை ஒரு மருந்தாகவே கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. மகனுக்குக் காசநோய் என்பதற்காக இந்த மாத்திரையைத் தொடங்கும் தாய் வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால், முகாமில் மாத்திரை தரும் செவிலியரிடம் முதல் நாளே அதைச் சொல்ல வேண்டும். அவருடைய குறிப்பேட்டிலும் அந்த இரண்டு தேதிகள் ஏற வேண்டும்.